ரூ.700-ஆ, ரூ.1,000-ஆ? இலவச டெலிவரியின் லாபக் கணக்கு

“இன்னும் ரூ.120-க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்!” ஆன்லைனில் பொருள் வாங்கிப் பழகியவர்கள் எல்லோரும் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததும் கை தானாக இன்னொரு பாக்கெட்டைச் சேர்த்துவிடும். டெலிவரி சார்ஜாக 60 ரூபாய் கொடுப்பதைவிட, 120 ரூபாய்க்குப் பொருளாகவே வாங்கிவிடலாம் என்று மனம் கணக்குப் போடும்.

வாங்குபவரின் கணக்கு அதோடு முடிந்துவிடும். விற்பவரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பொடி, ஊறுகாய், புடவை, சோப்பு என்று வீட்டிலிருந்தே விற்கும் சிறு வியாபாரிகள் பலர், பெரிய தளங்களைப் பார்த்து ரூ.499 அல்லது ரூ.699 என்று ஒரு வரம்பை எழுதிவிடுகிறார்கள். அடுத்த மாதம் ஒவ்வொரு ஆர்டரின் சராசரி மதிப்பும் கூடியிருக்கிறது. திட்டம் பலித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் கூரியர் பில்லைக் கட்டி முடித்தபின் கையில் நிற்கும் பணம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இது எப்படி நடக்கிறது, நடக்காமல் வரம்பை எப்படி வைப்பது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்திருந்தால் போதும்.

பெரிய நிறுவனங்களுக்குக்கூட இந்த வரம்பு ஒரே தடவையில் அமைந்துவிடவில்லை. அமெரிக்காவில் அமேசான் 2002-ல் 99 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று ஆரம்பித்தது. அதே ஆண்டிலேயே 49 டாலருக்கும், பிறகு 25 டாலருக்கும் இறக்கியது. 2013-ல் 35 டாலராக ஏற்றியது. 2016-ல் 49 டாலராக்கியது. 2017-ல் மறுபடி 35-க்கும் 25-க்கும் இறங்கியது. ஒரு கடைக்குச் சரியான தொகை இன்னொரு கடைக்குச் சரியாக இருக்காது. அதே கடைக்கே இன்னொரு காலத்தில் சரியாக இருக்காது. ஆகவே அடுத்தவரின் தொகையை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை. நம் கடையின் ஆர்டர்களிலிருந்துதான் அது வர வேண்டும்.

ஒரு பொடிக் கடை

காரைக்குடியில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வற்றல், வடகம் விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். 200 கிராம் பாக்கெட் 120 ரூபாய்; அதாவது கிலோ 600 ரூபாய். சரக்குச் செலவு, பாக்கெட், அட்டைப்பெட்டி, பேமென்ட் கேட்வே கமிஷன் எல்லாம் போக, 100 ரூபாய் விற்பனையில் 40 ரூபாய் நிற்கிறது. கூரியருக்கு இன்னும் கொடுக்கவில்லை.

கூரியர் கம்பெனிகள் எடையைப் பெரும்பாலும் அரைக்கிலோ அரைக்கிலோவாகத்தான் கணக்கிடுகின்றன. இந்தக் கடைக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து முதல் அரைக்கிலோவுக்கு 50 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அரைக்கிலோவுக்கும் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடம் எந்த ஆர்டருக்கும் 60 ரூபாய் வாங்குகிறார்கள். மீதியைக் கடையே ஏற்கிறது.

மாதத்துக்கு 1,000 ஆர்டர். அவற்றை மதிப்பு வாரியாகப் பிரித்தால் இப்படி வருகிறது: 300 ரூபாய்க்குக் கீழே 250 ஆர்டர், 300 முதல் 499 வரை 330, 500 முதல் 699 வரை 220, 700 முதல் 999 வரை 120, ஆயிரமும் அதற்கு மேலும் 80. மொத்த விற்பனை 5,17,000 ரூபாய். சராசரி ஆர்டர் 517 ரூபாய்.

வரம்பு வைக்கும்போது முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான். பலர் சராசரியை மட்டும் பார்த்து, அதற்கு மேல் இருபது, முப்பது சதவீதம் ஏற்றி வரம்பை வைப்பார்கள். 517-க்கு அப்படிப் பார்த்தால் 620-லிருந்து 670 வரை வரும். எடுப்பான தொகையாக இருக்கட்டும் என்று 700 ஆக்கிவிடுவார்கள். ஆனால் இந்தக் கடையில் ஆயிரம் பேரில் 580 பேர் 500 ரூபாய்க்குக் கீழேதான் வாங்குகிறார்கள். பெரிய ஆர்டர் போடும் 80 பேர்தான் சராசரியை மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் எங்கே நிற்கிறது என்பது சராசரியில் தெரியாது.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு?

700 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம் என்று அறிவித்தால் கடைக்கு என்ன செலவு? “கூரியர் சார்ஜ்தான் செலவு” என்று உடனே சொல்லத் தோன்றும். அது சரியல்ல. கூரியருக்குக் கடை முன்பும் பணம் கட்டியது, இனியும் கட்டும். இலவசம் என்று சொன்னதால் புதிதாகப் போவது, வாடிக்கையாளரிடமிருந்து வந்துகொண்டிருந்த 60 ரூபாய். கூடவே, ஆர்டர் பெரிதானதால் ஏறும் எடைக்கான கூரியர் சார்ஜ்.

அந்தக் கூடுதல் எடைக்கு என்ன ஆகும்? 100 ரூபாய்க்குப் பொடி சுமார் 167 கிராம். அரைக்கிலோவுக்கு 30 ரூபாய் என்றால், பல ஆர்டர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது 167 கிராமுக்கு 10 ரூபாய். ஆக, கூடுதலாக விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40 ரூபாய் மார்ஜினில் 10 ரூபாய் கூரியருக்குப் போய், 30 ரூபாய் நிற்கிறது.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வகுத்தலுக்கு வந்துவிட்டோம். 60 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம். ஒவ்வொரு கூடுதல் ரூபாயிலும் 30 பைசா நிற்கிறது. 60-ஐ 0.30-ஆல் வகுத்தால் 200. அதாவது, இலவச டெலிவரிக்காக ஒருவர் தன் ஆர்டரைக் குறைந்தது 200 ரூபாயாவது கூட்டினால்தான் அவரால் கடைக்கு நஷ்டமில்லை. 120 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் சேர்த்து வரம்பைத் தொட்டவர், ஒவ்வொரு முறையும் கடைக்கு 24 ரூபாய் நஷ்டம் வைத்துவிட்டுப் போகிறார்.

வரம்புக்கு மிக அருகில் நிற்பவர்கள்தான் எளிதில் தாண்டிவருவார்கள். அவர்களிடமிருந்துதான் வரவு மிகக் குறைவு. தூரத்தில் நிற்பவர் தாண்டினால் நல்ல வரவு; ஆனால் அவர்களில் சிலர்தான் தாண்டுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைப் பிடிப்பதே வரம்பு வைக்கும் வேலை.

700 வைத்தால்

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். முதலில், ஏற்கெனவே 700 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த 200 பேர். வரம்பு வந்ததால் இவர்கள் ஒரு பாக்கெட்கூட அதிகம் வாங்கவில்லை. ஆனால் 60 ரூபாய் மிச்சப்படுத்திவிட்டார்கள். கடைக்கு இழப்பு 12,000 ரூபாய். இந்தத் தொகை முதல் நாளே உறுதியாகிவிடுகிறது. மற்றதெல்லாம் இதை ஈடுகட்ட முடிகிறதா என்ற கேள்விதான்.

அடுத்து, வரம்பை எட்டிப் பிடிப்பவர்கள். 500-க்கும் 700-க்கும் இடையில் சராசரியாக 580 ரூபாய்க்கு வாங்கியவர்களில் 90 பேர் 740-க்கு ஏறினார்கள் என்று வைப்போம். கூடுதல் விற்பனை ஆளுக்கு 160 ரூபாய், அதில் நிற்பது 48 ரூபாய், விட்டுக்கொடுத்தது 60. ஆளுக்கு 12 ரூபாய் நஷ்டம், மொத்தம் 1,080. சராசரியாக 400 ரூபாய்க்கு வாங்கியவர்களில் 40 பேர் 740-க்கு வந்தார்கள் என்றால், ஆளுக்குக் கூடுதல் 340, நிற்பது 102, அறுபது போக 42 ரூபாய் லாபம், மொத்தம் 1,680.

எல்லாவற்றையும் சேர்த்தால் மாதம் 11,400 ரூபாய் நஷ்டம். ஆனால் விற்பனை 28,000 ரூபாய் கூடியிருக்கிறது. சராசரி ஆர்டர் 517-லிருந்து 545 ஆகியிருக்கிறது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றியாகவே தெரியும்.

1,000 வைத்தால்

வரம்பை ஆயிரமாக்கினால், ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் 80 பேர்தான். உறுதியான இழப்பு 4,800 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. தாண்டிவருபவர்களும் குறைவார்கள். 820 ரூபாய்க்கு வாங்கியவர்களில் 40 பேர், 580-க்கு வாங்கியவர்களில் 25 பேர், 400-க்கு வாங்கியவர்களில் 8 பேர் 1,040-க்கு ஏறினார்கள் என்று வைப்போம். ஆளுக்கு நிற்கும் லாபம் முறையே 6, 78, 132 ரூபாய். மொத்தம் 3,246. இழப்பிலிருந்து கழித்தால் நிகர நஷ்டம் 1,554 ரூபாய்.

சராசரி ஆர்டர் 542 ரூபாய் ஆகிறது. முந்தைய வரம்பில் 545. சராசரியில் மூன்றே ரூபாய் வித்தியாசம். நஷ்டத்திலோ கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். சராசரி ஆர்டர் மதிப்பை வைத்து இந்தத் திட்டத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அந்த எண் இன்னொரு வழியிலும் ஏமாற்றும். டெலிவரி சார்ஜ் பெரிதாகக் கண்ணில் படத் தொடங்கியதும் சின்ன ஆர்டர் போடுபவர்கள் சிலர் வாங்காமலே போய்விடுவதுண்டு. 300 ரூபாய்க்குக் கீழே வாங்கும் 250 பேரில் 100 பேர் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 900 ஆர்டருக்கு விற்பனை 4,95,000; சராசரி 550 ரூபாய். ஒருவர்கூட ஒரு பாக்கெட் அதிகம் வாங்கவில்லை. கடை 100 வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறது. சராசரி மட்டும் ஏறிவிட்டது.

புதிதாக வருபவர்கள்

இரண்டு வரம்பிலும் நஷ்டம்தான் என்றால் இலவச டெலிவரியே வேண்டாமா? அப்படி முடிவெடுக்கும் முன் ஒரு கூட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். டெலிவரி சார்ஜைப் பார்த்து, கார்ட்டில் போட்ட பொருளை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள். இலவசம் என்றதும் அவர்களில் சிலர் வாங்குவார்கள். விலை குறைவதற்கும் விலையே இல்லாமல் போவதற்கும் மனம் ஒரே மாதிரி அசைவதில்லை. பொருளியல் நடத்தை ஆய்வாளர் டான் ஏரியலி தன் புத்தகத்தில் இதற்கு ஓர் உதாரணம் தருகிறார்: அமேசான் பல நாடுகளில் டெலிவரியை இலவசமாக்கியபோது விற்பனை ஏறியது, பிரான்ஸில் மட்டும் ஏறவில்லை. அங்கே இலவசத்துக்குப் பதிலாக ஒரு பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் எடுத்துவிட்டதும் அங்கும் விற்பனை ஏறியது.

நம் பொடிக் கடைக்குப் புதிதாக வரும் ஓர் ஆர்டர் என்ன தரும்? 700 ரூபாய் வரம்பில் 780 ரூபாய் ஆர்டர் வருகிறது என்றால் மார்ஜின் 312 ரூபாய். பெட்டியோடு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் பார்சலுக்குக் கூரியர் 110 ரூபாய். இங்கே முழுக் கூரியரையும் கழிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆர்டர் முன்பு இல்லவே இல்லை. நிற்பது 202 ரூபாய். 11,400 ரூபாய் நஷ்டத்தை அடைக்க 57 புதிய ஆர்டர் வேண்டும். ஆயிரம் ரூபாய் வரம்பில் 1,040 ரூபாய் ஆர்டருக்கு மார்ஜின் 416, கூரியர் 140, நிற்பது 276. 1,554 ரூபாயை அடைக்க 6 ஆர்டர் போதும்.

57-க்கும் 6-க்கும் இருக்கும் இந்த இடைவெளிதான் முடிவைச் சொல்கிறது. மாதம் ஆயிரம் ஆர்டர் வரும் கடையில், எந்தக் காரணமும் இல்லாமலே முப்பது ஆர்டர் கூடும், முப்பது குறையும். வரம்பால் புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஒரு மாதத்தில் துல்லியமாகப் பிரித்தறியச் சிறு கடைக்கு வழியில்லை. அப்படியிருக்கும்போது, 57 புதியவர்கள் வந்தால்தான் பிழைக்கும் ஒரு திட்டத்தைவிட, 6 பேர் வந்தால் பிழைக்கும் திட்டத்தில் காலை வைப்பது நல்லது. தெரியாத எண்ணை நம்பியிருக்கும் பங்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நிம்மதி.

ஆயிரத்திலும் நின்றுவிட வேண்டியதில்லை. நஷ்டமில்லாத ஏற்றம் 200 ரூபாய் என்று பார்த்தோம். கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்திலிருந்து வரம்பு 200 ரூபாய்க்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே ஏற்கெனவே நிற்பவர்கள் குறைவாக இருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு மூன்று பாக்கெட் சேர்த்தால் எட்டிவிடும் தூரமாக இருக்க வேண்டும். இந்தக் கடை அடுத்துப் பார்க்க வேண்டிய தொகை 850-க்கும் 950-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இரண்டாயிரம் என்று எழுதினால் உறுதியான இழப்பு அநேகமாக இருக்காது. ஆனால் யாரும் அசையவும் மாட்டார்கள்.

எதைச் சேர்த்து எட்டுகிறார்கள்?

வரம்பு ரூபாயில் இருக்கிறது. கூரியர் பில் எடையில் வருகிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பொடிக் கடைக்காரர் வெல்லமும் விற்கத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 100 ரூபாய். ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிலோ வெல்லத்தைச் சேர்த்து வரம்பை எட்டுகிறார். கூடுதல் விற்பனை 200 ரூபாய். ஆனால் எடை நான்கு அரைக்கிலோ ஏறியதால் கூரியருக்கு மட்டும் 120 ரூபாய் கூடுகிறது. வெல்லத்தில் அதே நாற்பது சதவீத மார்ஜின் கிடைத்தால்கூட 80 ரூபாய்தான். அறுபதையும் விட்டுக்கொடுத்து, மேலே 40 ரூபாயையும் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

முறுக்கு, அப்பளம் விற்பவர்களுக்குப் பிரச்சினை வேறு விதம். எடை குறைவு, இடம் அதிகம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து ஓர் எடையைக் கூரியர் கம்பெனி கணக்கிடும். உண்மையான எடையைவிட அது அதிகமானால் அதற்கே பணம் வாங்கும். 40-க்கு 30-க்கு 20 சென்டிமீட்டர் பெட்டிக்கு 4.8 கிலோ. உள்ளே இருக்கும் முறுக்கு இரண்டு கிலோதான் என்றாலும் கிட்டத்தட்ட ஐந்து கிலோவுக்குப் பில் வரும்.

ஆகவே, எண்ணெய் டின், அரிசி, வெல்லம் போன்றவற்றை இலவச டெலிவரிக் கணக்கில் சேர்க்காமல் வைப்பதில் தவறில்லை. அதைப் பொருளின் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். இன்னொரு பக்கம், கார்ட் பக்கத்தில் “இன்னும் இவ்வளவு” என்று காட்டும் இடத்தில், எடை குறைந்து மார்ஜின் நிறைந்த பொருள்களை வைக்கலாம்: ஏலக்காய், சுக்குப் பொடி, மணத்தக்காளி வற்றல் மாதிரி. வாடிக்கையாளர் எதையாவது சேர்க்கத்தான் போகிறார்; சேர்ப்பது இவையாக இருந்தால் கூரியர் பில் அவ்வளவாக ஏறாது.

கேஷ் ஆன் டெலிவரி தரும் கடைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாசலில் வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பிவரும் பார்சலுக்குப் பல கூரியர்கள் போன சார்ஜோடு வந்த சார்ஜையும் வாங்கும். பார்சல் பெரிதானால் அந்த இழப்பும் பெரிது. அதனால்தான் பல கடைகள் முன்பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் டெலிவரியை இலவசமாகத் தருகின்றன. துணி விற்பவர்களுக்கு வேறொரு பழக்கம் தலைவலி: வரம்பை எட்ட ஒரு துணியைச் சேர்த்து வாங்கி, அதையே திருப்பி அனுப்பிவிடுவது. திரும்பியது போக மீதி வரம்புக்குக் கீழே வந்தால் டெலிவரி சார்ஜ் கழிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பதுதான் இதற்கு வழி.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடுவது எளிது. ஆனால் நம்ப முடியாது. இடையில் தீபாவளி வந்திருக்கும், பள்ளி லீவு வந்திருக்கும். இணையதள மென்பொருள் அனுமதித்தால், வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய முறையையும் பாதிப் பேருக்குப் புதிய வரம்பையும் ஒரே காலத்தில் காட்டுவதே சிறந்தது. முடியாவிட்டால் ஒரு வாரம் பழையது, ஒரு வாரம் புதியது என்று மாற்றி மாற்றி எட்டு வாரமாவது ஓட்டலாம்.

ஒப்பிட வேண்டிய எண் ஒன்றுதான்: கடைக்கு வந்து பார்த்த ஒவ்வோர் ஆயிரம் பேருக்கும் கையில் நின்ற பணம். அந்த ஆர்டர்களின் மார்ஜினைக் கூட்டி, வாடிக்கையாளர்கள் கட்டிய டெலிவரி சார்ஜைச் சேர்த்து, கூரியர் பில்லை முழுவதும் கழிக்க வேண்டும். திரும்பிவந்தவற்றின் செலவையும் விட்டுவிடக் கூடாது. சின்ன ஆர்டர்கள் ஓடிப்போனாலும், புதியவர்கள் வந்தாலும், வெல்லத்தால் எடை ஏறினாலும் எல்லாம் இந்த ஒரே எண்ணில் வந்து விழும்.

கூடவே ஆர்டர்களை ஐம்பது ஐம்பது ரூபாயாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். திட்டம் வேலை செய்திருந்தால் வரம்புக்குச் சற்று மேலே ஆர்டர்கள் குவிந்திருக்கும், கீழே குறைந்திருக்கும். அந்தக் குறைவு வரம்பை ஒட்டி மட்டுமே இருந்தால், ஐம்பது, நூறு ரூபாய் ஏறியவர்களுக்குத்தான் அறுபது ரூபாயைக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். வரம்பு தாழ்வாக இருக்கிறது. 300, 400 ரூபாய் ஆர்டர்கள் இருந்த இடத்திலிருந்தும் ஆட்கள் நகர்ந்திருந்தால் வரம்பு நன்றாக இழுக்கிறது. 300-க்குக் கீழே மட்டும் குறைந்து, மேலே எங்கும் குவியவில்லை என்றால், அவர்கள் நகரவில்லை. கடையை விட்டே போய்விட்டார்கள்.

பொடி, வற்றல் மாதிரி வீட்டில் வைத்துச் சாப்பிடும் பொருள் என்றால் இன்னொரு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதச் சரக்கை ஒரே தடவையில் வாங்கியவர் அடுத்த மாதம் வரமாட்டார். அவருடைய ஏற்றம் புது விற்பனை இல்லை; அடுத்த மாத விற்பனை முன்னாலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே வாடிக்கையாளர் மூன்று மாதத்தில் மொத்தம் எவ்வளவு வாங்கினார் என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

கூரியர் கட்டணம் மாறினாலோ, பருப்பு விலை ஏறி மார்ஜின் சுருங்கினாலோ, அந்த 60-ஐயும் 30 பைசாவையும் மறுபடி எடுத்து வகுக்க வேண்டும். மார்ஜின் நாற்பதிலிருந்து முப்பதாக இறங்கினால், நஷ்டமில்லாத ஏற்றம் 200-லிருந்து 300 ரூபாய் ஆகிவிடும். நேற்றுவரை தாங்கிய வரம்பு இன்று தாங்காது. இந்த வகுத்தலுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். வரம்பை அறிவிக்கும் முன் ஒரு தடவையும், கூரியர் கம்பெனி புது ரேட் கார்டு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்துவிடுங்கள்.